லோனை வேறு வங்கிக்கு மாற்றினால் மிச்சம் வருமா? ஓபர் லெட்டரையும் நிலுவைத் தாளையும் ஒப்பிடுவது பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் அரச சம்பளம் எடுக்கும் பலர் இரண்டு தாள்களோடு வந்து ஒரே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். ஒன்று இப்போது கட்டும் லோனின் நிலுவைத் தாள். மற்றது, அந்த லோனைத் தாங்கள் தீர்த்துப் புதிதாகத் தருகிறோம் என்று வேறு வங்கி கொடுத்த ஓபர் லெட்டர். அவர்கள் கேட்டவற்றைக் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். கணக்கு தெளிவாக இருக்க எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்திருக்கிறேன். கணினியிலோ கைபேசியிலோ போட்டுப் பார்த்தால் உங்களுக்கும் இதே விடைதான் வரும்.

புது வங்கி 15 வீதம் எண்டு தாறாங்கள். நான் கட்டுறது 24. இதில யோசிக்க என்ன இருக்கு?

யோசிக்க இருக்கிறது. வட்டி வீதம் குறைந்தும் மொத்தமாகக் கூடுதலாகக் கட்ட வேண்டிய நிலை வரலாம். அது எப்படி என்பதைக் கீழே பார்ப்போம்.

இந்த ஓபர்கள் இவ்வளவு வருவதற்கும் காரணம் உண்டு. 2022, 2023 இல் நாட்டில் வட்டி வீதம் மிக உயரத்தில் இருந்தது. அப்போது நிலையான வட்டிக்கு லோன் எடுத்தவர்கள் இன்றும் அந்தப் பழைய வீதத்திலேயே கட்டுகிறார்கள். 2023 ஜூனிலிருந்து மத்திய வங்கி கொள்கை வீதங்களைப் படிப்படியாக இறக்கியது. 2025 மே மாதத்தில் அது 7.75 வீதமானது. ஆகவே வேறு வங்கி குறைந்த வட்டி சொல்வதில் ஆச்சரியமில்லை.

உதாரணத்துக்கு ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். 2023 தொடக்கத்தில் 20 இலட்சம் ரூபா தனிநபர் லோன், 24 வீதம், குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி, 7 வருடம். மாதத் தவணை 49,352 ரூபா. 36 தவணை கட்டிவிட்டார், 48 மிச்சம்.

நிலுவைத் தாளில எந்த எண்ணைப் பாக்கவேணும்?

மூன்றை எடுத்து எழுதுங்கள்: மீதி முதல், மாதத் தவணை, இன்னும் கட்ட வேண்டிய தவணைகளின் எண்ணிக்கை. நம் உதாரணத்தில் மீதி முதல் 1,513,770 ரூபா. தவணையை 48 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,368,900 ரூபா வரும். லோனை மாற்றாமல் இருந்தால் இனிக் கையிலிருந்து போகப்போகும் காசு இதுதான். புது ஓபர் எதுவாக இருந்தாலும் இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

லீசிங் கொம்பனித் தாள் என்றால் ஒரு கவனம். சிலர் ‘மொத்த நிலுவை’ என்று போடுவது இனிவரும் வட்டியையும் சேர்த்த தொகை. அதை முதல் என்று நினைத்து ஒப்பிட்டால் கணக்கு முழுதும் பிழைத்துவிடும்.

அடுத்தது, நிலுவைத் தாள் வேறு, தீர்வுக் கடிதம் வேறு. இன்றே முழுதாகத் தீர்த்தால் எவ்வளவு என்று சொல்வது தீர்வுக் கடிதம். முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம் அதில்தான் தெரியும். அதைப் பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். கிளை இழுத்தடித்தால் முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மூண்டு வருசமா கட்டுறன், முதல் 5 இலட்சம் கூடக் குறையேல்ல. பாங்க் பிழை விட்டிட்டுதோ?

பிழை இல்லை. 36 மாதத்தில் அவர் கட்டியது ஏறத்தாழ 17 இலட்சத்து 77 ஆயிரம். அதில் முதலுக்குப் போனது 4 இலட்சத்து 86 ஆயிரம் மட்டும், மற்றதெல்லாம் வட்டி. 24 வீதத்தில் தொடக்க வருடங்கள் அப்படித்தான் போகும். அடுத்த தவணையைப் பிரித்துப் பார்த்தால் 49,352 ரூபாவில் 30,275 வட்டி, 19,077 முதல்.

இதைக் கண்டதும் சிலர் ‘வட்டி முழுக்கக் கட்டி முடிஞ்சுது, இனி மாத்தி என்ன பயன்’ என்கிறார்கள். அதுவும் சரியில்லை. மிச்ச 48 தவணைக்குள் இன்னும் 8 இலட்சத்து 55 ஆயிரம் வட்டி இருக்கிறது. கட்டிய வட்டி போனதுதான். மிச்சம் பிடிக்க முடிந்தது இனிவரும் வட்டியில் மட்டும்.

மீதி 15 இலட்சம்தானே? புது வங்கி ஏன் 16 இலட்சம் எண்டு எழுதியிருக்கு?

இடையில் உள்ள ஒவ்வொரு ரூபாவும் மாற்றுவதற்கான செலவு. நம் உதாரணத்தில் பழைய வங்கியின் ஒப்பந்தப்படி முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம் மீதியில் 3 வீதம், அதாவது 45,413 ரூபா. ஆகவே தீர்க்க வேண்டிய தொகை 1,559,183 ஆகிறது. புது வங்கி 16 இலட்சம் எழுதி, ஆவணக் கட்டணம் 16,000, கடன் காப்புறுதி 24,000 இரண்டையும் கழித்து 15 இலட்சத்து 60 ஆயிரத்தை விடுவிக்கிறது.

இந்தச் செலவு உங்கள் கையிலிருந்து போகாததால் கண்ணில் படாது. ஆனால் 86,000 ரூபா கடன் கூடியிருக்கிறது, அதற்கும் இனி வட்டி கட்ட வேண்டும். ஓபர் லெட்டரில் ‘கடன் தொகை’ ஒரு வரியிலும் ‘கழிக்கப்படும் கட்டணங்கள்’ வேறு பக்கத்திலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய லோனுக்குக் கட்டிய காப்புறுதிக் கட்டணத்தில் மிச்சக் காலத்துக்குரிய பங்கு திரும்புமா என்றும் கேளுங்கள். அநேகர் அதைக் கேட்பதேயில்லை.

மாசக் கட்டு 49 ஆயிரத்தில இருந்து 31 ஆயிரத்துக்கு இறங்குது. மாசம் 18 ஆயிரம் மிச்சம் இல்லையோ?

அநேகர் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம். ஓபர் லெட்டர் 16 இலட்சத்தை 15 வீதத்தில் 84 மாதத்துக்குத் தருகிறது. தவணை 30,875 ரூபா. ஆனால் பழைய லோனில் மிச்சம் 48 மாதம் மட்டும்தான். நான்கு வருடத்தில் முடியவேண்டிய கடன் மறுபடியும் ஏழு வருடமாகிவிட்டது.

30,875 ஐ 84 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,593,500 ரூபா. மாற்றாவிட்டால் கட்டப்போவது 2,368,900. வட்டி 9 புள்ளி குறைந்தும் மொத்தத்தில் 2 இலட்சத்து 24 ஆயிரம் ரூபாவுக்கு மேல் கூடுதலாகப் போகிறது. குறைந்த தவணையின் பெரும்பகுதி வட்டி குறைந்ததால் வந்ததல்ல, காலம் நீண்டதால் வந்தது.

அப்ப மாத்தவே கூடாது எண்டு சொல்லுறியளோ?

இல்லை. அதே வங்கி, அதே 15 வீதம், அதே கட்டணங்கள், காலத்தை மட்டும் 48 மாதமாகப் போட்டுப் பாருங்கள். தவணை 44,529 ரூபா, மொத்தம் ஏறத்தாழ 2,137,400. இப்போது 2 இலட்சத்து 31 ஆயிரம் ரூபா மிச்சம். ஒரே ஓபர் ஒரு காலத்துக்கு நட்டம், இன்னொரு காலத்துக்கு இலாபம்.

ஆகவே முதலில் உங்கள் லோனில் எத்தனை மாதம் மிச்சமோ அதே மாதத்துக்குப் புது வங்கியிடம் தவணை கேளுங்கள். எல்லாச் செலவும் உள்ளடங்கிய கடன் தொகைக்குக் கேட்க வேண்டும். அந்தத் தொகையை மாதங்களால் பெருக்கிப் பழைய மிச்சத்தோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும். நீங்களே பார்க்க விரும்பினால் எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ இதைப் போடுங்கள்:

```
=PMT(15%/12,48,-1600000)
```

வட்டி, மாதம், தொகை மூன்றையும் உங்கள் தாளில் உள்ளபடி மாற்றினால் போதும்.

எனக்கு இப்ப கட்டு குறைஞ்சால்தான் சீவிக்கலாம். மொத்தக் கணக்கைப் பாத்து என்ன செய்யிறது?

இது நியாயமான காரணம். பிள்ளை பல்கலைக்கழகம் போகிறது, ஒரு போகம் வயல் கைவிட்டுவிட்டது என்றால் மாதம் கையில் வரும் காசுதான் முக்கியம். ஆனால் அந்த மூச்சுவிடும் இடத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். 84 மாதத்துக்குப் போனால் அதன் விலை மேலே சொன்ன 2 இலட்சத்து 24 ஆயிரம்.

இடைவழியும் இருக்கிறது. 60 மாதத்துக்குப் போட்டால் தவணை 38,064. மாதம் 11,000 ரூபாவுக்கு மேல் குறைகிறது, மொத்தத்திலும் 85,000 மிச்சம். இந்த உதாரணத்தில் 66 மாதம் வரை மாற்றுவதில் கைநட்டம் இல்லை, 67 இல் நட்டம் தொடங்குகிறது. உங்கள் லோனுக்கும் அப்படி ஓர் எல்லை இருக்கும். மாதத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடியுங்கள்.

7 வருசத்துக்கு எடுத்துப்போட்டு, இப்ப கட்டுற 49 ஆயிரத்தையே கட்டி வேளைக்கு முடிச்சால்?

கணக்குப்படி நல்ல யோசனை. 16 இலட்சத்துக்கு மாதம் 49,352 கட்டினால் 42 மாதத்தில் முடியும். பழைய லோனை விட ஆறு தவணை குறைவு, ஏறத்தாழ 3 இலட்சம் மிச்சம்.

ஆனால் ஓபர் லெட்டரில் ஒரு நிபந்தனையைத் தேடிப் பாருங்கள்: பகுதி பகுதியாக முன்கூட்டிக் கட்ட அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் உண்டா, கூடுதலாகக் கட்டும் காசு அன்றே முதலில் கழிபடுமா? சில இடங்களில் கூடுதல் காசு அடுத்த மாதத் தவணைக்காக அப்படியே வைக்கப்படும், வட்டி குறையாது. சம்பளத்தில் கழிபடும் லோன் என்றால் கழிபடுவது 30,875 மட்டும், மிச்சத்தை மாதாமாதம் நீங்கள் கிளைக்குக் கொண்டுபோக வேண்டும். அது நடக்காது என்று தெரிந்தால் குறைந்த காலத்துக்கே எடுங்கள்.

இன்னொரு கொம்பனி 8 வீதம்தான் எண்டு சொல்லுது. 15 ஐ விட அது திறம்தானே?

அது எந்த மாதிரி 8 வீதம் என்று கேளுங்கள். தட்டையான வட்டி என்றால், எடுத்த முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள், நீங்கள் முதலைக் கட்டிக் குறைத்தாலும் வட்டி குறையாது. 16 இலட்சத்துக்கு 8 வீதம், நாலு வருடம் என்றால் வட்டி 512,000, தவணை 44,000. மேலே 15 வீதக் குறைந்து செல்லும் வட்டிக்கு 44,529 வந்ததை நினைவில் வையுங்கள். அந்த 8 வீதம் உண்மையில் 14 வீதத்துக்கு மேல்.

வீதத்தை வீதத்தோடு ஒப்பிடாமல், ஒரே தொகை, ஒரே மாதம் என்று வைத்துத் தவணையைத் தவணையோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் வராது.

ஓபர் லெட்டரில ‘முதல் 2 வருசம் 13, அதுக்குப் பிறகு ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர் கூட்டல் 5’ எண்டு கிடக்கு. அது என்ன?

வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் வட்டியின் சராசரி அது. மத்திய வங்கி வாராவாரம் வெளியிடுகிறது. உங்கள் வட்டி இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சராசரியோடு 5 ஐக் கூட்டி ஏறி இறங்கும். 2022 கடைசியில் அது 27 வீதத்தை எட்டியது. அன்று இப்படியான லோன் வைத்திருந்தவர் 32 வீதம் கட்டியிருப்பார்.

உங்கள் பழைய லோன் நிலையான வட்டி என்றால், மாறும் வட்டிக்குப் போவது வெறும் விலைக்குறைப்பு அல்ல. வட்டி ஏறும் அபாயத்தையும் நீங்கள் தலையில் எடுக்கிறீர்கள். உச்ச வரம்பு எழுதப்பட்டிருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் மாற்றுவார்கள் என்று பாருங்கள். வரம்பு இல்லையென்றால், மூன்றாம் நாலாம் வருடத்துக்கு 20 வீதம் என்று போட்டு ஒரு தடவை கணக்குப் பாருங்கள். அப்போதும் தாங்குமென்றால் போகலாம்.

20 இலட்சமாத் தாறம், 4 இலட்சம் கையில எடுக்கலாம் எண்டு சொல்லுறாங்கள். கட்டும் இப்பத்தையான விடக் குறைவு.

84 மாதத்துக்கு 20 இலட்சம் என்றால் தவணை 38,594. கையில் 4 இலட்சம், கட்டும் 10,000 குறைவு என்று கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வருடம் கட்டிக் குறைத்த கடன் 2023 இல் எடுத்த அதே 20 இலட்சத்துக்குத் திரும்பிவிடுகிறது. இனிக் கட்டப்போவது 32 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல்.

இதை இரண்டு லோனாகப் பிரித்துப் பாருங்கள். 16 இலட்சம் பழைய கடனுக்கு, 4 இலட்சம் புதுச் செலவுக்கு. அந்த 4 இலட்சத்துக்கு மட்டும் 7 வருடத்தில் 2 இலட்சத்து 48 ஆயிரம் வட்டி போகும். அந்தக் காசு உண்மையிலேயே தேவையா, அதை இரண்டு வருடத்துக்குத் தனிச் சிறு லோனாக எடுக்கலாமா என்று பாருங்கள். லோனை மாற்றுவதா என்பதை அந்த 4 இலட்சத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எனக்கு இன்னும் ஒரு வருசம்தான் கிடக்கு. மாத்தலாமோ?

பெரும்பாலும் வேண்டாம். அதே லோனில் 12 தவணை மிச்சமிருக்கும்போது மீதி 522,000 ரூபா, அதற்குள் இருக்கும் வட்டி மொத்தமே 70,000. 15 வீதத்துக்கு மாற்றினால் 27,000 தான் குறையும். தீர்க்கும் கட்டணம் 3 வீதமே 15,600 எடுத்துவிடும், மிச்சத்தை ஆவணக் கட்டணமும் காப்புறுதியும் விழுங்கும்.

காணி ஈடு வைச்ச லோன் எண்டால் கணக்கு மாறுமோ?

கணக்கின் முறை மாறாது, செலவு கூடும். பழைய ஈட்டை விடுவிக்க, புது ஈடு எழுத நொத்தாரிசுக் கட்டணம், காணி மதிப்பீடு, உறுதியின் சரித்திரம் பார்ப்பது, காணிப் பதிவகப் பதிவு எல்லாம் திரும்பவும் வரும். அவை ஓபர் லெட்டரில் ‘வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும், தொகை இருக்காது. வாயால் சொல்லாமல் எழுத்தில் தரச்சொல்லுங்கள்.

வன்னியில் பலரிடம் இருப்பது அனுமதிப்பத்திரக் காணியோ அளிப்புப் பத்திரக் காணியோதான். உங்கள் பத்திரத்தைப் புது வங்கி ஈடாக ஏற்குமா, பிரதேச செயலகத்தின் இசைவு வேண்டுமா என்பதை மதிப்பீட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்னமே கேட்டுவிடுங்கள். மதிப்பீட்டுக் காசு திரும்பாது.

ஓபர் லெட்டரைக் காட்டினால் என்ர வங்கியே வட்டியைக் குறைக்குமோ?

கேட்காமல் விடாதீர்கள், இதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. உங்கள் வங்கி 24 ஐ 18 ஆகக் குறைத்தால் மாற்றுச் செலவு எதுவும் இல்லை, மீதி 1,513,770 அப்படியே இருக்கும். மிச்ச 48 மாதத்துக்குத் தவணை 44,467. புது வங்கியின் 15 வீதத் தவணை 44,529. ஆக, இந்த உதாரணத்தில் சொந்த வங்கியின் 18 உம் வெளி வங்கியின் 15 உம் ஒன்றுதான். 86,000 ரூபாச் செலவு அந்த மூன்று புள்ளியைத் தின்றுவிடுகிறது.

எனவே முகாமையாளரிடம் போகும்போது ‘15 தாங்கோ’ என்று நிற்கத் தேவையில்லை. 18 க்குக் கீழே எதைத் தந்தாலும் இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். புதுப் பிணைக்காரரைத் தேடி அலையும் வேலையும் இல்லை. குறைப்புக்கு அவர்கள் கட்டணம் கேட்டால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மாத்திறது எண்டு முடிவெடுத்தாச்சு. தீர்க்கிற நாளில என்ன கவனிக்கவேணும்?

தீர்வுக் கடிதத்தில் செல்லுபடியாகும் கடைசித் திகதி இருக்கும். அதைத் தாண்டினால் நாளுக்கு நாள் வட்டி ஏறும். நம் உதாரணத்தில் ஒரு நாளுக்கு 995 ரூபா. இந்த நாள் வட்டியை மாற்றுச் செலவில் சேர்க்க வேண்டாம், மாற்றாவிட்டாலும் அந்த நாட்களுக்கு அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் புது வங்கி பழைய திகதித் தொகைக்குக் காசோலை எழுதி, காசு 17 நாள் பிந்திப் போனால் ஏறத்தாழ 17,000 ரூபா குறையும். லோன் மூடாமல் கிடக்கும். நீங்கள் முடிந்துவிட்டது என்று இருப்பீர்கள், அந்தச் சிறு மீதி நிலுவையாகி கிரிப் அறிக்கையில் ஏறிவிடும்.

சம்பளக் கழிப்பை நிறுத்தும் கடிதம் உங்கள் அலுவலகக் கணக்குப் பகுதிக்கு அந்த மாதச் சம்பளப் பட்டியல் தயாராவதற்கு முன் போகவேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் இரண்டு தவணையும் கழிபட்டு, பழையதைத் திரும்ப எடுக்க அலைய வேண்டி வரும். கடைசியாக, பழைய வங்கியிடம் லோன் மூடிய கடிதத்தையும் மீதி பூச்சியம் என்று காட்டும் கூற்றையும் வாங்குங்கள். உங்கள் பிணைக்காரர்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள், அவர்கள் வேறு லோனுக்குப் போகும்போது அது தேவைப்படும்.